தேதி கேட்காத நேரத்தாள்: நான்கு நாடுகளில் பரவிய ஓர் அணியின் மீட்டிங் நேரம் பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2025 ஜனவரியில் எங்கள் அணியில் எட்டுப் பேர் இருந்தோம். இந்தியாவில் என்னையும் சேர்த்து மூவர், பெர்லினில் மூவர், நியூயார்க்கில் இருவர். அணித்தலைவர் பெர்லினில் இருந்தார். திங்களும் வியாழனும் எட்டுப் பேரும் அரை மணி நேரம் பேசியாக வேண்டும். யார் எதை முடித்தார்கள், எது வெளியீட்டுக்குத் தயார் என்று அங்கேதான் முடிவாகும்.

எல்லோரும் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தியாவுக்கும் நியூயார்க்குக்கும் பொதுவான வேலை நேரமே கிடையாது. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது இந்தியாவில் இரவு 7:30. அதனால் இந்தியாவில் இருந்த நாங்கள் மூவரும் காலை 11 முதல் இரவு 8 வரை என்று வேலை நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தோம். அப்படிச் செய்தும் மூன்று இடங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது சரியாக அரை மணி நேரம்: இந்தியாவில் இரவு 7:30 முதல் 8 வரை, பெர்லினில் பிற்பகல் 3 முதல் 3:30 வரை, நியூயார்க்கில் காலை 9 முதல் 9:30 வரை.

இந்த அரை மணி நேரத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். இடத்துக்கு ஒரு வரிசை. உலகப் பொது நேரமான யுடிசிப்படி கட்டங்கள். வேலை நேரம் பச்சை, மற்றது சாம்பல். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் அந்த இடம் யுடிசியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஓர் எண்: இந்தியாவுக்கு +5:30, பெர்லினுக்கு +1, நியூயார்க்குக்கு −5. கடைசி வரிசையில், எல்லாரும் பச்சையாக இருக்கும் கட்டம் மட்டும் கரும்பச்சையாகும்.

முதல் நாள் போட்டபோது கட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தேன். கரும்பச்சை ஒன்றுகூட வரவில்லை. இந்தியாவின் அரை மணி, கட்டத்தின் நடுவில் வெட்டியதால் எங்கள் கடைசிக் கட்டம் பாதிதான் நிரம்பியது. பாதிக் கட்டத்தைத் தாள் சாம்பலாக எடுத்துக்கொண்டது. கட்டங்களை அரை மணியாக்கி 48 ஆக்கிய பிறகுதான் அந்த ஒற்றைக் கட்டம் தெரிந்தது. பொது நேரமே இல்லை என்று தலைவருக்கு எழுதிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதைத் திரும்பப் பெற்ற சங்கடம் இன்னும் நினைவிருக்கிறது.

தலைவர் பெர்லின் நேரம் பிற்பகல் 3 மணிக்கு என்று வாராந்திர காலண்டர் அழைப்பை அனுப்பினார். தாளின் இணைப்பையும் எல்லோருக்கும் கொடுத்தோம். ஆக, ஒரே மீட்டிங்குக்கு நேரம் சொல்லும் இரண்டு ஆதாரங்கள் உருவாயின. அப்போது அது யாருக்கும் ஆபத்தாகத் தோன்றவில்லை.

## மார்ச் 10: முதல் தவறு

நியூயார்க்கில் இருந்த இருவரில் ஒருவர் காலண்டரைப் பார்த்து வருபவர். மற்றவர் அறிவிப்புகளின் தொல்லை தாங்காமல் அவற்றை அணைத்துவிட்டு, என் தாளைத் திறந்தே வைத்திருப்பவர்.

மார்ச் 9, ஞாயிறு அன்று, கோடை மாதங்களுக்காக ஆண்டுதோறும் செய்வதுபோல, அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. மறுநாள் திங்கள். தாள் அவருக்கு வழக்கம்போல காலை 9 என்றே காட்டியது. அவர் 9 மணிக்கு வந்தார், 20 நிமிடம் தனியாகக் காத்திருந்தார், போய்விட்டார். நாங்கள் பெர்லின் பிற்பகல் 3 மணிக்குக் கூடியபோது நியூயார்க்கில் மணி 10. அவர் அப்போது வாடிக்கையாளருடன் வேறொரு மீட்டிங்கில் இருந்தார். அன்று ஒரு வெளியீட்டுக்கு அவருடைய ஒப்புதல் தேவைப்பட்டது. அது வியாழனுக்குத் தள்ளிப்போனது.

காலண்டர் தவறவில்லை. அது பெர்லின் 3 மணியைப் பிடித்துக்கொண்டு, நியூயார்க்கில் 10 என்று சரியாகவே காட்டியிருந்தது. என் தாளில் இருந்த −5 என்ற எண்தான் முந்தைய நாளே காலாவதியாகிவிட்டது.

## மார்ச் 31: திருத்தம் செய்த தவறு

மார்ச் 10 அன்றே −5 ஐ −4 என்று மாற்றினேன். தாள் ஒரு நல்ல செய்தியைக் காட்டியது. நியூயார்க் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்குவதால் பொது நேரம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணியாக விரிந்திருந்தது. மீட்டிங்கை ஒரு மணி நேரம் முன்னே கொண்டுவந்தால் இந்தியாவில் மாலை 6:30 ஆகும், நியூயார்க்கில் பழைய 9 மணியே திரும்பும், வாடிக்கையாளர் மீட்டிங்குடன் மோதவும் செய்யாது. நான் சொன்னேன், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தலைவர் அழைப்பைப் பெர்லின் பிற்பகல் 2 மணிக்கு மாற்றினார். மார்ச் 13 முதல் 27 வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

மார்ச் 30, ஞாயிறு அன்று ஐரோப்பாவில் கடிகாரம் மாறியது. பெர்லினின் 2 மணி இப்போது நியூயார்க்கில் காலை 8, இந்தியாவில் மாலை 5:30. மார்ச் 31 திங்களன்று நியூயார்க் இருவருமே வரவில்லை. ஒருவர் தூக்கத்தில், இன்னொருவர் ரயிலில்.

எனக்கு உறைத்தது அன்றுதான். முதல் தவறை நான் தொடாமல் விட்டிருந்தால் அது 21 நாளில் தானாகச் சரியாகியிருக்கும். பெர்லின் 3 மணி, மார்ச் 31 முதல் மறுபடியும் நியூயார்க் 9 மணிதான். மூன்று வாரம் மட்டும் நிலவும் ஒரு நிலைமைக்கு நான் நிரந்தரத் திருத்தம் செய்துவிட்டேன். என் தாளைப் பொறுத்தவரை மார்ச் 10ஆம் தேதியின் படம்தான் ஆண்டு முழுமைக்கும் படம். தேதி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

## காரணத்தைப் பார்த்தபோது

அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தொடங்கி, நவம்பரின் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச்சின் கடைசி ஞாயிறு தொடங்கி, அக்டோபரின் கடைசி ஞாயிறு முடிகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் பெர்லினுக்கும் நியூயார்க்குக்கும் 6 மணி நேர வித்தியாசம். ஆனால் வசந்தத்தில் ஆண்டைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று வாரமும், இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் அது 5 ஆகிவிடுகிறது. இந்தியாவின் கடிகாரம் எப்போதும் நகர்வதில்லை. அதனால் நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் மற்ற இருவரும் நகர நகர, அசையாமல் நிற்பவரின் மீட்டிங்தான் ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறுகிறது.

இன்னொரு சிறிய விஷயம். தாளில் வரிசைகளுக்கு "இஎஸ்டி", "ஐஎஸ்டி" என்று பெயர் வைத்திருந்தேன். இஎஸ்டி என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம் மட்டுமே; கோடையில் அங்கே அந்தப் பெயரே பொருந்தாது. ஐஎஸ்டி இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, அயர்லாந்துக்கும் உண்டு. சுருக்கப் பெயர்களை வைத்துக் கணக்குப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான்.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தாளைத் தூக்கிவிடுவது. பதிலாக, ஆயத்தமாகக் கிடைக்கும் நேரத் திட்டமிடல் கருவிகளில் மூன்றை எடுத்து ஒரே சோதனையை வைத்தேன். மார்ச் 10, மார்ச் 31, அக்டோபர் 27 ஆகிய மூன்று தேதிகளில் பெர்லினுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் எவ்வளவு? விடை 5, 6, 5 என்று வர வேண்டும். ஒரு கருவி இன்றைய தேதிக்கு மட்டுமே படம் காட்டியது. என் தாளின் அழகான பதிப்பு அது, அவ்வளவுதான். இன்னொன்று தேதியை வாங்கிக்கொண்டது, ஆனால் இஎஸ்டி என்று கொடுத்தால் கோடையிலும் −5 என்றே கணக்கிட்டது. மூன்றாவது, ஊர்ப் பெயரையும் தேதியையும் கேட்டு மூன்றுக்கும் சரியாகச் சொன்னது. அதை எடுத்துக்கொண்டோம்.

கருவி சொல்வதைச் சரிபார்க்க எனக்கென்று ஒரு சின்ன நிரலும் வைத்துக்கொண்டேன். எண்ணுக்குப் பதிலாக நேர மண்டலத்தின் பெயரைக் கொடுத்தால், எந்தத் தேதியில் எந்த விதி என்பதை மண்டலத் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும்.

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

for d in (datetime(2025, 3, 10, 15), datetime(2025, 3, 31, 15)):
    m = d.replace(tzinfo=ZoneInfo("Europe/Berlin"))
    for z in ("America/New_York", "Asia/Kolkata"):
        print(z, m.astimezone(ZoneInfo(z)).strftime("%d-%m %H:%M"))
```

பெர்லின் 3 மணிக்கு, மார்ச் 10 அன்று நியூயார்க் 10:00, இந்தியா 19:30 என்று வரும். மார்ச் 31 அன்று 09:00, 18:30 என்று வரும்.

இரண்டாவது முடிவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மீட்டிங் எந்த ஊரின் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? மூன்று வழிகள் இருந்தன.

இந்திய நேரம் இரவு 7:30 என்று நிறுத்தினால், ஆண்டு முழுவதும் எல்லோருடைய வேலை நேரத்துக்குள்ளும் அது அடங்குகிறது. கோடையில் பெர்லினில் மாலை 4, நியூயார்க்கில் காலை 10. ஆனால் நியூயார்க்கின் 10 மணி வாடிக்கையாளர் மீட்டிங்குடன் மோதும். அத்துடன், கோடையில் சீக்கிரம் முடிக்க வழியிருந்தும் நாங்கள் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் கடைசி அரை மணிக்காகக் காத்திருக்க வேண்டும். பெர்லின் 3 மணி என்று நிறுத்தினால், ஆண்டில் நான்கு வாரம் அதே நியூயார்க் மோதல். நியூயார்க் காலை 9 என்று நிறுத்தினால் எந்த வாரத்திலும் மோதல் இல்லை, யாருடைய வேலை நேரத்தையும் தாண்டுவதில்லை. அதைத் தேர்ந்தெடுத்தோம். அந்த ஆண்டின் மீதிப் பகுதி இப்படி வந்தது:

| காலம் | நியூயார்க் | பெர்லின் | இந்தியா |
|---|---|---|---|
| மார்ச் 31 – அக்டோபர் 25 | 9:00 | 15:00 | 18:30 |
| அக்டோபர் 26 – நவம்பர் 1 | 9:00 | 14:00 | 18:30 |
| நவம்பர் 2 முதல் | 9:00 | 15:00 | 19:30 |

இதில் யாருடைய நாளின் விளிம்பு மீட்டிங்கை இறுக்குகிறது என்று பார்ப்பதுதான் வழி. எங்கள் விஷயத்தில் நியூயார்க்கின் காலை 9 மணிதான் அந்த விளிம்பு. அதற்கு முன்னால் மீட்டிங் போக முடியாது, பின்னால் தள்ளினால் மோதல். அந்த விளிம்பில் இருப்பவரின் கடிகாரத்தில் மீட்டிங்கை ஆணியடித்துவிட்டால் மற்றவர்கள் ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலும் தாங்கிக்கொள்ளலாம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் வந்தது. தலைவர் பெர்லினில் இருந்தபடி, பெர்லின் பிற்பகல் 3 மணி என்றே புதிய அழைப்பை உருவாக்கினார். ஏப்ரலில் பார்த்தால் அது நியூயார்க் 9 மணிதான், ஆகவே சரி என்றே தோன்றும். ஆனால் அழைப்புக்குள் `Europe/Berlin` என்று பதிந்திருந்தது. அக்டோபர் 27 அன்று அது நியூயார்க்கில் 10 ஆகியிருக்கும். அழைப்பின் நேர மண்டலத்தைத் தனியாகத் திறந்து `America/New_York` என்று மாற்றச் சொன்னேன். அந்த வசதி பல காலண்டர்களில் ஓரமாக ஒளிந்திருக்கிறது. அழைப்பு சரியா என்று பார்க்க இன்றைய வாரத்தைப் பார்ப்பதில் பயனில்லை. அக்டோபர் கடைசி வாரத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

## மே: பச்சையாகத் தெரிந்த பொய்

புதிய கருவியில் ஒவ்வொருவரின் வேலை நேரத்தையும் நானே நிரப்பினேன். இந்தியர்களுக்கு 11–8, மற்றவர்களுக்கு 9–6. யாரையும் கேட்கவில்லை. மே மாதத்தில்தான் பெர்லினில் ஒருவர், வியாழக்கிழமைகளில் 3 மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போகிறார் என்பது தெரிந்தது. ஜனவரியிலிருந்தே அவர் வியாழன் மீட்டிங்கைப் பாதி வழியில், போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கருவி பச்சை காட்டியது, எட்டுப் பேருக்குக் கிடைத்ததே அந்த அரை மணி, அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்" என்றார். வியாழனைப் புதனாக்கினோம். ஐந்து நிமிட வேலை.

## ஜூலை: சிட்னி சேர்ந்தபோது

ஜூலையில் சிட்னியிலிருந்து ஒன்பதாவது நபர் சேர்ந்தார். நான்கு இடங்களையும் கருவியில் போட்டால் பொது நேரம் பூஜ்யம். இது எதிர்பார்த்ததுதான். திங்கள், புதன் மீட்டிங்குகளுக்கு அவரை அழைக்காமல், முடிவுகளை எழுதி வைப்பது என்று உடனே தீர்மானித்தோம்.

அவர் வேலை பெரும்பாலும் பெர்லின்காரர்களுடன். ஜூலை மாதப் படத்தில் பெர்லின் காலை 9 முதல் 10 வரை, சிட்னி மாலை 5 முதல் 6 வரை, ஒரு மணி நேரம் அழகாகப் பச்சையாக இருந்தது. தலைவர் அதிலேயே செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்றார். மார்ச்சில் பட்ட சூட்டில், அக்டோபர் 6 என்று தேதியை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பச்சை மறைந்துவிட்டது.

தெற்குப் பாதியில் கோடை, வடக்கின் குளிர்காலத்தில் வருகிறது. சிட்னியின் கடிகாரம் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே போகிறது, பெர்லினின் கடிகாரம் அதே மாதக் கடைசி ஞாயிறு பின்னே வருகிறது. இருவரும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் இடைவெளி ஒரு மணி அல்ல, இரண்டு மணி மாறுகிறது: ஜூலையில் 8 மணி நேரம், டிசம்பரில் 10. அக்டோபர் 6 அன்று சிட்னியில் வேலை முடியும் நிமிடத்தில் பெர்லினில் வேலை தொடங்கும். மாதக் கடைசியில் இருவருக்கும் நடுவே ஒரு மணி நேரம் யாரும் இல்லாமல் கிடக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அதே டிசம்பரில் நியூயார்க்குக்கும் சிட்னிக்கும் ஜூலையில் இல்லாத ஒரு மணி நேரம் முளைக்கிறது: நியூயார்க் மாலை 5, சிட்னி மறுநாள் காலை 9. கருவியின் பச்சைப் பட்டை அந்த "மறுநாள்" என்பதைச் சிறிய எழுத்தில்தான் காட்டியது. நியூயார்க்கின் வெள்ளிக்கிழமை மாலை, சிட்னியின் சனிக்கிழமை காலை. ஆக அந்தப் பொது நேரம் வாரத்தில் ஐந்து நாள் அல்ல, நான்கு நாள்.

ஆண்டு முழுவதும் சிட்னியுடன் பொது நேரம் அறுபடாமல் இருந்தது இந்தியாவுக்கு மட்டும்தான். ஜூலையில் இரண்டரை மணி, அக்டோபருக்குப் பிறகு ஒன்றரை மணி. எனவே பெர்லினுடன் நேரடிப் பேச்சை, முடியும் தேதி போட்ட ஏற்பாடாக வைத்தோம்: கடைசி மீட்டிங் செப்டம்பர் 30. அக்டோபர் 7 முதல் செவ்வாய்தோறும் சிட்னி மாலை 5 மணிக்கு இந்தியாவில் ஒருவர் அவருடன் பேசி, அன்றே பெர்லினுக்குக் கைமாற்றுவார். இந்த அழைப்பைச் சிட்னி நேரத்தில் நிறுத்தினோம். ஜூலையின் வசதியான இந்திய நேரமான 12:30 இல் நிறுத்தியிருந்தால், அக்டோபரில் அது சிட்னியின் மாலை 6 மணியைத் தொட்டு, வேலை நேரத்தை விட்டு வெளியேறியிருக்கும்.

மாதம் ஒருமுறை எல்லோரும் கூடுவதையும் முயன்றோம். ஜூலையில் இந்திய நேரம் மாலை 4:30 என்றால் நியூயார்க்கில் காலை 7, சிட்னியில் இரவு 9. பொறுத்துக்கொள்ளலாம். நவம்பரில் அதே நேரம் காலை 6, இரவு 10. இரண்டு முனைகளிலும் வலிக்கும் நேரம். அதனால் நவம்பர் முதல் ஒரு மாதம் நியூயார்க் வரும், அடுத்த மாதம் சிட்னி வரும். வராதவர்கள் பதிவைப் பார்ப்பார்கள்.

## விளைவு

அக்டோபர் 26க்கும் நவம்பர் 2க்கும் இடைப்பட்ட வாரம்தான் எங்கள் ஏற்பாட்டுக்குச் சோதனை. அக்டோபர் 27, திங்கள் அன்று எட்டுப் பேரும் வந்தார்கள், பெர்லின் மூவருக்கு மட்டும் அது 2 மணி. நவம்பர் 3 அன்று இந்தியாவில் எங்களில் ஒருவர் 6:30க்கு வந்து உட்கார்ந்துவிட்டு, பிறகு காலண்டரைப் பார்த்து எழுந்து போனார். யாருடைய ஒப்புதலும் தவறவில்லை.

இந்தியா வழியாகக் கைமாற்றுவதில் ஒரு குறை இருக்கிறது. சிட்னி கேட்கும் கேள்விக்குப் பெர்லினின் பதில் மறுநாள்தான் போய்ச் சேர்கிறது. அவசரமானால் இரண்டு பக்கத்தில் யாராவது ஒருவர் வேலை நேரத்தைத் தாண்டித்தான் பேசுகிறார். அது எத்தனை முறை, யார் என்பதைக் குறித்து வைக்கிறோம். இதுவரை பெரும்பாலும் சிட்னிக்காரர்தான்.

## திரும்பச் செய்தால்

பொது நேரத்தைத் தேடும்போது நான்கு தேதிகளைப் பார்ப்பேன்: ஜனவரி நடு, மார்ச் நடு, ஜூலை நடு, அக்டோபர் கடைசி வாரம். தெற்குப் பாதி நாடு ஒன்று அணியில் இருந்தால் ஐந்தாவதாக அக்டோபர் நடுவும். வேலை நேரத்தை நானே நிரப்பாமல், கிழமை வாரியாக ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்குவேன். நேரம் சொல்லும் ஆதாரமாகக் காலண்டர் அழைப்பு ஒன்றை மட்டும் வைத்து, கருவியை நேரம் தேடும் அன்று மட்டும் திறப்பேன்.

கருவி அடுத்த ஆண்டுக்குக் காட்டுவதும் இன்றைய சட்டப்படியான கணக்குதான். மெக்சிகோ 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் கோடை நேரத்தையே கைவிட்டது. அதற்கு முன் போட்டு வைத்த கணக்குகள் அங்கே ஒரு மணி நேரம் பிசகின. 2026 மார்ச் 8 அன்று அமெரிக்காவும் 29 அன்று ஐரோப்பாவும் மாற வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் நிரலின் மண்டலத் தரவைப் புதுப்பித்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க என் காலண்டரில் குறித்திருக்கிறேன்.